"ஒண்ணும் வேணாம்ப்பா": வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவிடம் போனில் பேசுவது எப்படி

வெளிநாடு வந்து முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, வீட்டுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்போம். பதில் தயாராக இருக்கும்: "ஒண்ணும் வேணாம்ப்பா, எல்லாம் இருக்கு. நீ வேளைக்குச் சாப்பிடு." நான் ஷார்ஜா வந்த புதிதில் இரண்டு வருடம் இந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தேன். லீவில் மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கூடத்து டியூப்லைட் எரிந்து பல மாதம் ஆகியிருந்தது. கொல்லைப்புறக் குழாய் ஒழுகாமல் இருக்கத் துணி கட்டியிருந்தார்கள். அப்பாவின் செருப்பு வார் இரண்டு இடத்தில் தைத்திருந்தது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டால், "இதையெல்லாம் போயி உங்கிட்ட சொல்லுவாங்களாக்கும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று அதைத்தான் எழுதுகிறேன். கணக்கெல்லாம் அமீரகத்தை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போகும், ஆனால் அழைப்பு பொதுவாகப் போகாது. இங்கே பெரும்பாலானோர் போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலியில்தான் பேசுகிறார்கள். அந்தச் செயலி அம்மாவின் போனிலும் இருந்தாக வேண்டும். விமானம் ஏறிய பிறகு, "ப்ளே ஸ்டோருக்குப் போங்கம்மா, மேல தேடுற இடத்துல..." என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் பொறுமை போய்விடும். ஊரில் இருக்கும்போதே போட்டுக் கொடுத்து, அடுத்த தெருவில் நின்றுகொண்டு ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் வரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, கொஞ்ச நாள் தொடாத செயலியைத் தூங்கவைத்துவிடும். நீங்கள் கூப்பிடுவீர்கள், அங்கே மணியே அடிக்காது. அப்புறம் அம்மா போனை எடுத்துப் பார்த்தால் தவறிய அழைப்பு நான்கு இருக்கும். போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். எதற்கும் சாதாரண அழைப்புக்கு மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். நெட் இல்லாத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, கேஸ் இணைப்பும் மின் இணைப்பும் யாருடைய நம்பரில் பதிந்திருக்கின்றன என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே என் பழைய இந்திய நம்பரில் இருந்தன. அந்த சிம்மை இங்கே வந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். சிலிண்டர் கொண்டு வருகிறவர் குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்கிறார், அந்தச் செய்தி ஷார்ஜாவில் அணைந்து கிடக்கும் சிம்முக்கு வந்திருக்கிறது. அப்பா வாசலில் நின்று விழித்திருக்கிறார். இதையும் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். பதிவு நம்பரை அம்மாவின் போனுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

எப்போது கூப்பிடுவது

இந்திய நேரம் அமீரகத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. நமக்கு மாலை ஆறு என்றால் அங்கே ஏழரை. வேலை முடிந்து அறைக்கு வந்து குளித்துவிட்டுக் கூப்பிடும்போது அங்கே சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா பேசுவார், ஆனால் கண்ணும் காதும் அங்கேதான் இருக்கும், பதிலெல்லாம் "ம்... ம்..." என்று வரும். மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை தூக்கம். எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தது, ஞாயிற்றுக்கிழமை ஊர் நேரம் காலை ஒன்பதரை. சாப்பிட்டு மாத்திரையும் போட்டு, அப்பா பேப்பரைக் கையில் எடுக்கும் நேரம். இங்கே எட்டு மணி, அறையில் மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இடையில் வார நாளில் இரண்டு முறை இரண்டு நிமிடம் பேசினால் போதும், வீட்டுக் கணக்கு எல்லாம் ஞாயிறு அழைப்பில்தான்.

எந்த நேரத்தை எடுத்தாலும் அதை மாற்றாதீர்கள். வயதானவர்கள் அந்த நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தொல்லை. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். நியூயார்க்குக்கும் ஊருக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. ஊர் நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு உங்கள் அலாரத்தை நகர்த்துங்கள். அம்மாவுக்கு அதை விளக்கப் போக வேண்டாம்.

வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட நேர்ந்தால் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்." இதைச் சொல்லாமல் "அம்மா..." என்று இழுத்தால், அங்கே நெஞ்சு படபடக்கும். ஊர்ப்பக்கத்தில் நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்தால் கெட்ட சேதி என்றுதான் அர்த்தம்.

முதல் இரண்டு நிமிடம்

அம்மா அப்பாவிடம் யாரும் வணக்கம் சொல்லி ஆரம்பிப்பதில்லை. "அம்மா, நான்தான். சாப்ட்டாச்சா?" அவ்வளவுதான். அடுத்து, "என்ன டிபன்?" என்று கேளுங்கள். இது வெறும் குசலம் என்று நினைக்காதீர்கள். "இட்லி, தக்காளிச் சட்னி" என்று பதில் வந்தால் மாவு அரைத்திருக்கிறார், அடுப்படியில் நின்றிருக்கிறார், முடிகிறது என்று தெரிகிறது. மூன்று வாரம் தொடர்ந்து "ரெண்டு பிரெட்டு தின்னோம்" என்று வந்தால் ஏதோ இருக்கிறது. கை வலியாக இருக்கலாம், மிக்ஸி கெட்டிருக்கலாம், கேஸ் தீர்ந்திருக்கலாம். அப்போது, "ஏம்மா, மாவு அரைக்கலியா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

காது மந்தமான அப்பாவிடம் பேசும்போது கத்தாதீர்கள். கத்தினால் குரல் உச்சத்துக்குப் போகும், வயதானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவதே அந்த உச்ச ஒலிகள்தான். போதாததற்குச் சாதாரண போன் இணைப்பும் மேல் பகுதி ஒலியை வெட்டித்தான் அனுப்புகிறது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுப் பேசினால் கேட்கும். ஒரே வாக்கியத்தை மூன்று முறை திருப்பிச் சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். "மாத்திரை" காதில் விழவில்லை என்றால் "மருந்து" விழும். வீடியோவில் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார். ஆனால் உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவருக்குத் தெரிவது வெறும் நிழல்தான். நெட் அழைப்பில் குரல் சற்றுத் தாமதமாகப் போகும் என்பதால் பேசி முடித்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் "சொல்லு சொல்லு" என்பீர்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போனை எடுப்பார். "நல்லாருக்கியா? வேலையெல்லாம் எப்படிப் போவுது? சரி, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன்." பத்து நொடி. நலம் விசாரித்தால் அவர் ஓடிவிடுவார், யோசனை கேட்டால் நிற்பார். "அப்பா, மழை பெஞ்சுதா? ஆத்துல தண்ணி வந்துடுச்சா?" என்று நான் கேட்பேன். மேட்டூர் எப்போது திறந்தார்கள், எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வந்தது, யார் நடவு போட்டார்கள் என்று பேச்சு நீளும். அந்த நீளத்தில்தான், "நான் எங்க வயலுக்குப் போனேன், முட்டி மடக்க முடியல" என்று ஒரு வரி நழுவி விழும். நேராகக் கேட்டிருந்தால் முட்டி நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வேணுமா என்று கேட்காமல், எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "வேணுமா?" என்று கேட்டால் பிள்ளையிடம் கை நீட்டுவது போல் அவர்களுக்குத் தோன்றுகிறது. "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் அது வெறும் கணக்கு. அம்மாவுக்கு வீட்டுக் கணக்குச் சொல்வதில் ஒரு கெத்தும் உண்டு.

கேஸுக்கு, "சிலிண்டர் எப்பம்மா மாத்துனீங்க?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய ஐம்பது நாள் வருகிறது. மாற்றிய அன்று தேதித்தாள் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு, அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் அடுப்படி ஆணியில் குத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்தாவது நாள் தாண்டியதும், "புக் பண்ணியாச்சா?" என்பேன். மின்கட்டணம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் அதை நான் இங்கிருந்தே ஆன்லைனில் கட்டிவிடுகிறேன். கட்டியதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அப்பா வெயிலில் ஆபீஸுக்குப் போய் வரிசையில் நிற்பார். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்றும் கேளுங்கள். ஆனால் அதை அப்பாவை ஊற்றச் சொல்லாதீர்கள், எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

மருந்துக்குத்தான் இந்தக் கணக்கு மிக முக்கியம். நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, தினம் காலையில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாத்திரை எத்தனை அட்டை இருக்கும்மா?" என்று கேட்டேன். "பத்து மாத்திரை அட்டை, ரெண்டு முழுசா இருக்கு" என்றார். அன்றைய மாத்திரையை ஏற்கெனவே போட்டாயிற்று. இருபது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு இதே நேரம் பதிமூன்று இருக்க வேண்டும். கேட்டேன். "ஒரு அட்டை முழுசா இருக்கு, இன்னொண்ணுல ஏழு" என்றார். பதினேழு. ஏழு நாளில் மூன்றுதான் போயிருக்கிறது.

"ஏம்மா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது: அப்பாவுக்கு முட்டி வலி, டவுனுக்குப் பஸ் ஏறி மருந்துக்கடைக்குப் போக முடியவில்லை. யாரையாவது வாங்கி வரச் சொன்னால் பேரைத் தப்பாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் இருக்கிறதை நீட்டித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தின வாரமும் "எல்லாம் ஒழுங்கா போடுறேன்ப்பா" என்றுதான் சொல்லியிருந்தார்.

திட்டவில்லை. திட்டினால் அடுத்த வாரம் எண்ணிக்கை சரியாக வரும், மாத்திரை மட்டும் உள்ளே போயிருக்காது. "சரிம்மா, கடைக்குப் போறதுதானே கஷ்டம், அதை நான் பாத்துக்கறேன்" என்றேன். அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெயரும் மில்லிகிராம் அளவும் அதில்தான் இருக்கும், அட்டையைப் பாதியில் வெட்டியிருந்தால் அந்தப் பகுதி போய்விடும், அதனால் பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். அந்தப் போட்டோவையும் டாக்டர் சீட்டையும் டவுன் மருந்துக்கடைக்கு அனுப்பி, பில் தொகையைக் கேட்டுப் பணத்தை இங்கிருந்தே போட்டேன். அமீரக நம்பரை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ ஓடும், உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைச் சித்தப்பா மகன் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்து கொடுத்தான். விட்டுவிட்டுப் போட்டதை டாக்டரிடம் சொல்லிவிடும்படியும் அவனிடம் சொல்லி அனுப்பினேன். பிரஷர் ஏன் ஏறியிருக்கிறது என்று தெரியாமல் அவர் டோஸைக் கூட்டிவிடக் கூடாதல்லவா.

எண்ணிக்கை குறையாமல் நிற்பது மட்டும்தான் கோளாறு என்றில்லை. வேகமாகக் குறைந்தால் மறந்துபோய் இரண்டு முறை போடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படியிருந்தால் கிழமை எழுதிய மாத்திரை டப்பா வாங்கி, யாரையாவது வாரம் ஒரு முறை நிரப்பச் சொல்லுங்கள்.

பதிலின் அர்த்தம்

"ஒண்ணும் வேணாம்" என்றால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. ஆனால் வேறு சில பதில்கள் உண்டு. "நீ வரும்போது பாத்துக்கலாம்" என்று சொன்னால் அது வேண்டும், இப்போதே வேண்டும், கேட்கத் தயக்கம். "இருக்கறத வச்சு ஓட்டிக்கலாம்" என்றால் இருக்கிறது உடைந்துவிட்டது. "பரவால்ல" என்பது வலியைப் பற்றியதாக இருந்தால் வலி குறையவில்லை.

ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது நல்ல வழி. தனக்கு எதுவும் வேண்டாம் என்கிற அம்மா, "உங்கப்பாவுக்குத்தான் கண்ணாடி சரியில்ல, பேப்பரை மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிக்கிறாரு" என்று உடனே சொல்லிவிடுவார். அப்பாவும், "அவளுக்கு ராத்திரியில தூக்கமில்ல" என்பார். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே போட்டு உடைக்காதீர்கள். "அம்மா சொன்னாங்க" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அன்று மாலை வீட்டில் சண்டை, அடுத்த வாரம் இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "அப்பா, எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொன்னாரு, நீங்களும் ஒருமுறை காட்டிருங்களேன்" என்று சுற்றி வாருங்கள்.

வீடியோ அழைப்பு என்றால் வீட்டைக் காட்டச் சொல்லலாம், ஆனால் சோதனை போடுகிற மாதிரி இருக்கக் கூடாது. "கொல்லையில முருங்கை பூத்திருக்கா, காட்டுங்க" என்று கேட்டால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு நடப்பார். போகிற வழியில் கூடம், அடுப்படி, பாத்ரூம் வாசல் எல்லாம் தெரியும். இருட்டாக இருந்தால் பல்பு போயிருக்கிறது. நடையும் தெரியும், சுவரைப் பிடித்துப் போகிறாரா, மூச்சு வாங்குகிறதா என்று.

செய்ததைச் சொல்வது

அழைப்பு முடிவதற்குள் எதை, யார், எப்போது கொண்டு வருவார்கள் என்று சொல்லிவிடுங்கள். "பாக்கறேன்மா" என்று விட்டால் அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு அதையும் தானே சமாளித்துக்கொள்வார். "செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் வருவாரு, காசு நான் போட்டுட்டேன், நீங்க எதுவும் குடுக்க வேணாம்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தாயிற்று என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது முறையும் கொடுத்து அனுப்புவார்கள். புதன்கிழமை இரண்டு நிமிடம் பேசும்போது, "லைட்டு எரியுதா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒரே அழைப்பில் ஐந்தாறு சாமானைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் கேஸ், ஒரு வாரம் விளக்கும் குழாயும். இல்லையென்றால் அம்மாவுக்குத் தேர்வு எழுதுகிற மாதிரி இருக்கும். நடுவில் ஊர்க் கதையும் ஓட வேண்டும்.

அப்புறம் விடைபெறும் நேரம். நம் வீடுகளில் பேச்சு முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் உண்மையான சேதி வரும். அதனால், "சரிம்மா, வச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உடனே வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். சாதாரண அழைப்பாக இருந்தால் எங்கள் அம்மா இன்னும், "வச்சிடுப்பா, உனக்குக் காசு போவுது" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே போன ஞாயிறு, "ஆமா, முட்டிக்கு மாட்டிக்கறதுக்கு ஒரு பட்டை விக்கிறாங்களாமே, அது அங்கெல்லாம் கெடைக்குமா? உங்கப்பாவுக்குத்தான், அவருகிட்ட சொல்லிடாத" என்றார். "கெடைக்கும்மா. அப்பா முட்டியைச் சுத்தி ஒரு நூலு வச்சு அளந்து சொல்லுங்க" என்றேன். அப்பா தூங்கும்போது அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.